தண்ணீர் விடும் ஆட்டு ரத்தம்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கினேன். வீட்டுக்கு வருவதற்குள் பையில் தண்ணீர் விட்டிருந்தது. வேகவைத்தும் நடுவில் சிவப்பு, வதக்கினால் தூளாகிவிட்டது. கடைக்காரர் தண்ணீர் கலந்துவிட்டாரா? எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: ரத்தம் உறைந்த பிறகு மஞ்சள் சாயலில் கொஞ்சம் நீர் பிரியும். அது ரத்தத்திலேயே உள்ள நீர், அதை வடித்துவிட்டால் போதும். ரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான்; மீதி பெரும்பாலும் புரதம், கொழுப்பு மிகக் குறைவு. இரும்புச்சத்து ஈரலில் இருப்பதைவிட அதிகம்.

பிடிக்கும்போது பாத்திரத்தில் சிறிது உப்புத் தண்ணீர் ஊற்றிவைப்பது கடைகளில் வழக்கம். தண்ணீர் மிகுந்தால் கட்டி இறுகாது. பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள்: நல்லது ஒரே பாளமாக நகரும், விரலால் மெல்லத் தொட்டால் நிமிரும், தண்ணீர் கலந்தது கூழாக வழியும். பச்சைச் சாயல், வழவழப்பு, நுரை, புளித்த வாடை இருந்தால் வாங்கவே வேண்டாம். கட்டி உடையப் பையும் ஒரு காரணம், அதில் அது கசங்கிவிடும். அகலமான எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள். வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வேகவைத்துவிடுங்கள். பச்சை ரத்தம் சீக்கிரம் கெடும், அதை ஃபிரிட்ஜில் வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

குழாயடியில் பிடித்து அலசினால் கட்டி கரைந்துபோகும். மேலே தெரியும் முடி, வைக்கோல் துணுக்கை எடுத்துவிட்டு இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். அரைக் கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் ஒரு தேக்கரண்டி உப்பும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். பிறகு தீயைக் குறைத்துத் துண்டுகளை மெல்ல நழுவவிடுங்கள். கொதி தளதளவென்று இருந்தால் உள்ளே ஓட்டைவிட்டு ரப்பர் போலாகும், மேல்பக்கம் உதிரும். உங்களுக்கு நடுவில் சிவந்திருந்தது துண்டு பெரிதாக இருந்ததால்தான் இருக்கும். சிறுதீயில் இருபது நிமிடம் விட்டு, பெரிய துண்டை நடுவில் வெட்டிப் பாருங்கள். முழுக்கப் பழுப்பாக வேண்டும். சிவப்பு தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். குக்கர் வேண்டாம்.

வெந்ததைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசினால் எஞ்சிய தூசியும் வாடையும் போகும். ஆறிய பிறகு சுண்டைக்காய் அளவுக்கு நறுக்குங்கள். சூட்டோடு நறுக்கினால் நொறுங்கும்.

இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, 150 கிராம் சின்ன வெங்காயத்தை நன்றாக வதக்கிவிட்டுத்தான் ரத்தத்தைப் போட வேண்டும். வெங்காயம் வேகும் முன் போட்டால் கிளறிக் கிளறித் தூளாகிவிடும். ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும், ருசி பார்த்துச் சேருங்கள். மிளகு, சீரகப் பொடி தூவி, தோசைத்திருப்பியால் அடியிலிருந்து புரட்டி ஐந்து நிமிடத்தில் துருவிய தேங்காய் போட்டு இறக்குங்கள்.

உடலில் இரும்பு மிகும் நோய் உள்ளவர்களும், தலசீமியாவுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.