பர்சனல் லோன் வாங்கிக் கடை போட்டால் முதலீடு எவ்வளவு?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஃபேன்சி ஸ்டோர் ஆரம்பிக்கிறேன். கைப்பணம் 1,50,000 ரூபாய். வீட்டில் இருந்த கண்ணாடி ஷோகேஸ், மேசை (நான்கு வருஷத்துக்கு முன் 40,000) கடைக்கு வந்துவிட்டன. என் பெயரில் 2 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன், கணக்கில் விழுந்தது 1,95,280. மொத்தத்தையும் முதலீடு என்று எழுதலாமா சார்?

பதில்: வேண்டாம். லோன் பணம் கடைக்குள் வந்தாலும் அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். கடை வருமானத்தில்தான் இ.எம்.ஐ. கட்டப் போகிறீர்கள் என்றால், அதைக் கடையின் கடனாகவே எழுதுங்கள்.

முதலில் சாமான்கள். 40,000 என்பது பழைய கதை. இன்று அதே ஷோகேஸையும் மேசையையும் பழைய ஃபர்னிச்சர் கடையில் வாங்கினால் என்ன விலை என்று விசாரியுங்கள். 18,000 என்று வைத்துக்கொள்வோம். விசாரித்த தேதியையும் விலையையும் ஒரு தாளில் எழுதி ஃபைலில் போடுங்கள்.

அடுத்து லோன். குறைந்த 4,720 ரூபாய் பிராசஸிங் கட்டணமாக இருக்கும்: 2 சதவீதம் 4,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 720. வங்கி கொடுத்த கடிதத்தில் சரிபாருங்கள். கைக்கு வந்தது குறைவு என்றாலும் கடன் முழு 2 லட்சம்தான். பலரும் 1,95,280-ஐக் கடனாக எழுதிவிட்டு, வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்போகவில்லையே என்று முழிப்பார்கள்.

கடை திறக்கும் நாளில் பதிவு இப்படி இருக்கும்:

ரொக்கம் – பற்று 1,50,000
வங்கி – பற்று 1,95,280
ஃபர்னிச்சர் – பற்று 18,000
பிராசஸிங் கட்டணம் – பற்று 4,720
பர்சனல் லோன் – வரவு 2,00,000
மூலதனம் – வரவு 1,68,000

இரண்டு பக்கமும் 3,68,000. உங்கள் சொந்த முதலீடு 1,68,000தான், அதாவது கைப்பணமும் ஃபர்னிச்சரும்.

தவறு பெரும்பாலும் இதற்கு அப்புறம்தான் வரும். 14 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 6,836. முதல் மாதம் இதில் வட்டி 2,333. இது மட்டுமே செலவு. மீதி 4,503 கடனைக் குறைக்கிறது. முழுத் தொகையையும் செலவில் தள்ளினால் லாபம் குறைவாகத் தெரியும், கடன் மட்டும் 2 லட்சத்திலேயே நிற்கும். வங்கியிடம் இ.எம்.ஐ. அட்டவணை கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாதப் பிரிவும் அதில் இருக்கும்.

சம்பளத்திலிருந்தோ வீட்டுப் பணத்திலிருந்தோ கட்டுவதாக இருந்தால் விஷயம் வேறு. அப்போது லோனையும் பிராசஸிங் கட்டணத்தையும் கடைப் புத்தகத்தில் கொண்டு வராமல், கடைக்கு வந்த 1,95,280-ஐ மூலதனத்தில் சேர்க்கலாம். ஆனால் வட்டியைக் கடைச் செலவாகக் காட்ட முடியாது. என்றாவது கடைக் கணக்கிலிருந்து இ.எம்.ஐ. போனால் அது நீங்கள் சொந்தத்துக்கு எடுத்த பணம். இரண்டில் ஒன்றை இப்போதே முடிவு செய்து, அதையே தொடருங்கள்.

இ.எம்.ஐ. உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும் அல்லவா? அதற்கு இரண்டு நாள் முன்பே கடையின் கணக்கிலிருந்து சரியாக 6,836 மட்டும் மாற்றி, விவரத்தில் 'லோன் இ.எம்.ஐ.' என்று போடுங்கள். 7,000 என்று முழுசாக மாற்றினால் அந்த 164 ரூபாய்க்கும் ஒவ்வொரு மாதமும் தனியாக ஒரு பதிவு போட வேண்டியிருக்கும்.