இரு முனையும் பிடித்த தண்டு: முறுக்குத்திருப்பம் எந்தப் பக்கம் அதிகம்?

"1 மீட்டர் தண்டு, A, B இரண்டு முனையும் நிலையானவை. A-யிலிருந்து 400 மி.மீ. தள்ளி உள்ள பற்சக்கரத்தில் 600 N·m. நீள விகிதத்தில் பிரித்தேன், A-யில் 240 வந்தது. புத்தகம் 360 என்கிறது. எங்கே தவறு?"

விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். சமநிலை தருவது `T_A + T_B = 600` மட்டும்; உங்கள் விடையும் அதற்குப் பொருந்தும், அதனால்தான் பிழை கண்ணில் படவில்லை. இரண்டாவது சமன்பாடு பற்சக்கரத்திடம் இருக்கிறது. அது ஒரே பொருள், ஒரே கோணம்தான் திரும்பும். A பக்கமிருந்து கணக்கிட்டாலும் B பக்கமிருந்து கணக்கிட்டாலும் அந்தக் கோணம் ஒன்றாக வர வேண்டும். a, b என்பவை A பக்க, B பக்க நீளங்கள்; G பொருளின் நறுக்கு விறைப்பு; J1, J2 அந்தப் பகுதிகளின் குறுக்குவெட்டு முறுக்கத்தை எதிர்க்கும் அளவு:

```
T_A·a/(G·J1) = T_B·b/(G·J2)
```

தண்டு சீரானது என்றால் G, J அடிபடும், `T_A × 0.4 = T_B × 0.6`. எனவே `T_A = 360`, `T_B = 240`. குட்டையான பகுதி முறுக்கக் கடினமானது, அதுவே அதிகம் தாங்குகிறது. உங்கள் விடையை இதில் வைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் 96, மறுபக்கம் 216. பற்சக்கரம் கிழிந்தால்தான் அது நடக்கும்!

ஆனால் "குட்டைப் பக்கமே அதிகம்" என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். பற்சக்கரம் உள்ள இடம் C; AC விட்டம் 40 மி.மீ., CB விட்டம் 50 மி.மீ. என்று வையுங்கள். J விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்வதால் CB-யின் J 2.44 மடங்கு. இப்போது `T_A ≈ 228`, `T_B ≈ 372`. நீளமான பக்கம் முந்திவிட்டது.

இவை மீள் எல்லைக்குள், முனைகள் சற்றும் நழுவாதபோது மட்டுமே. ஒரு முனையின் சாவியில் தளர்வு இருந்தால், அது தீரும்வரை மறுமுனை தனியாகச் சுமக்கும்.