பாடநூல் பந்தியை உங்கள் சொல்லில் எழுதும்போது

"சந்தைப்படுத்தல் டிப்ளோமாவைத் தமிழ்மொழி மூலம் படிக்கிறேன். வங்கிகளின் சேவைத்தரம் பற்றிய கட்டுரைக்கு ஓர் ஆங்கிலப் பாடநூலையும் அதில் வரும் ஆய்வுக்கட்டுரைகளையும் வைத்து என் சொந்தத் தமிழில்தான் எழுதினேன். ஒவ்வொரு பந்தி முடிவிலும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டேன். டர்னிட்டினில் 9 வீதம்தான் வந்தது. ஆனாலும் கருத்துத் திருட்டு என்று விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார். எங்கே பிழைத்தது?"
– ஒரு மாணவி, வெள்ளவத்தை

முதலில் அந்த 9 வீதத்தை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். டர்னிட்டின் என்ற ஒப்பீட்டு மென்பொருள் தேடுவது ஒன்றோடொன்று பொருந்தும் சொற்தொடர்களை. ஆங்கிலப் பந்தியைத் தமிழில் எழுதினால் பொருந்தும் தொடர் பெரும்பாலும் கிடைக்காது, எண் தானாகவே குறையும். அதேநேரம் மேற்கோள் குறிக்குள் ஒழுங்காக எடுத்தாண்ட வரிகளும் உசாத்துணைப் பட்டியலும் சேர்ந்து ஒரு நேர்மையான கட்டுரையின் எண்ணைக் கூட்டிவிடலாம். விரிவுரையாளர் பார்ப்பது வேறு. மூலத்தில் எந்தக் கருத்துக்குப் பின் எந்தக் கருத்து வருகிறதோ அதே வரிசை உங்களிடமும் இருக்கிறதா, அதே இடத்தில் அதே உதாரணம் வருகிறதா, அதே இடத்தில் "எனினும்" விழுகிறதா என்றுதான் பார்ப்பார். பாடநூலை நன்கு தெரிந்தவருக்கு இது இரண்டு வரியிலேயே பிடிபட்டுவிடும்.

உங்கள் தலைப்பிலேயே ஒரு பந்தியை எடுத்துப் பார்ப்போம். பாடநூலில் இப்படி ஒரு பகுதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இது விளக்கத்துக்காக நானே எழுதியது:

"சேவைத்தரம் என்பது வாடிக்கையாளரின் எதிர்பார்ப்புக்கும் அவர் உணர்ந்த சேவைக்கும் இடையிலான இடைவெளியாகும். இந்த இடைவெளியை ஐந்து பரிமாணங்களின் வழியே அளவிடலாம். அவற்றுள் வாடிக்கையாளர்கள் அதிகம் பொருட்படுத்துவது நம்பகத்தன்மையையே (Parasuraman et al., 1988)."

பல மாணவர்கள் இதை இப்படி மாற்றுகிறார்கள்:

"சேவையின் தரம் என்றால் நுகர்வோர் எதிர்பார்ப்பதற்கும் அவர் பெற்ற சேவைக்கும் நடுவேயுள்ள வித்தியாசமாகும். இந்த வித்தியாசத்தை ஐந்து அம்சங்களைக் கொண்டு கணிக்கலாம். அவற்றில் நுகர்வோர் கூடுதலாகக் கவனிப்பது நம்பகத்தன்மையைத்தான் (Parasuraman et al., 1988)."

மூன்று வாக்கியத்துக்கு மூன்று வாக்கியம், அதே வரிசை. சொற்கள் மட்டும் மாறியிருக்கின்றன. பெயரும் ஆண்டும் இருந்தாலும் இது திருட்டுக் கணக்கிலேயே சேரும். கருத்து யாருடையது என்று சொல்லிவிட்டீர்கள், ஆனால் வாக்கியங்களின் கட்டமைப்பும் இன்னொருவருடையது என்பதைச் சொல்லவில்லை. பந்தி முடிவில் ஒரேயொரு குறிப்புப் போடுவதிலும் சிக்கல் உண்டு. அது கடைசி வாக்கியத்துக்கு மட்டுமா, முழுப் பந்திக்குமா என்று வாசிப்பவருக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய சேதம் பொருளில் நடந்திருக்கிறது. "உணர்ந்த சேவை" என்பதை "பெற்ற சேவை" என்று மாற்றியதும் கோட்பாடே மாறிவிட்டது. அந்த ஐந்து பரிமாணங்களை வைத்து அமைத்த சேர்வ்குவால் என்ற அளவுகோல் அளப்பது வாடிக்கையாளரின் உணர்வை, கவுண்டரில் உண்மையில் நடந்ததை அல்ல. வாடிக்கையாளரும் நுகர்வோரும்கூட ஒன்றல்ல. குழந்தைக்குப் பால்மா வாங்கும் தாய் வாடிக்கையாளர், குடிக்கும் குழந்தை நுகர்வோர். ஆகவே துறைச்சொற்களை மாற்றக்கூடாது. சேவைத்தரம், எதிர்பார்ப்பு, பரிமாணம் போன்றவை எல்லோருக்கும் பொதுவானவை, அவற்றை அப்படியே வைத்தால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். மாற வேண்டியது வாக்கியம் எங்கிருந்து தொடங்குகிறது, எதை நோக்கிப் போகிறது என்பதுதான்.

அதற்கு, உங்கள் கட்டுரைக்கு அந்தப் பந்தி எதற்குத் தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வி வங்கி பற்றியது என்பதால், பந்தி இப்படி வரலாம்:

"சேவைத்தரத்தை Parasuraman et al. (1988) வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து பார்க்கின்றனர். ஒருவர் எதை எதிர்பார்த்து வந்தார், எது கிடைத்ததாக உணர்ந்தார் என்ற இரண்டையும் ஒப்பிடாமல் தரத்தைச் சொல்ல முடியாது என்பது அவர்களின் நிலைப்பாடு. அவர்கள் பிரித்த ஐந்து பரிமாணங்களில் நம்பகத்தன்மையே முதன்மையாக வந்தது. இதைக் கொழும்பு வங்கிக் கிளையொன்றுக்குப் பொருத்திப் பார்க்கலாம். மாதக் கடைசியில் நீண்ட வரிசை இருக்கும் என்று தெரிந்தே வருபவருக்கு அரை மணி நேரக் காத்திருப்பு பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். ஆனால் நாளை தருவதாகச் சொன்ன காசோலைப் புத்தகம் ஒரு வாரம் தள்ளிப்போனால் அடிபடுவது நம்பகத்தன்மை."

ஆசிரியர் பெயர் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. அடுத்தடுத்து "அவர்களின்", "அவர்கள் பிரித்த" என்று வருவதால் மூலம் எதுவரை நீள்கிறது என்பது தெளிவு. "பொருத்திப் பார்க்கலாம்" என்ற இடத்தில் உங்கள் பேச்சு தொடங்குகிறது, அதற்கு அப்பால் குறிப்பு இல்லை. அங்கேயும் "(Parasuraman et al., 1988)" என்று போட்டால் அது வேறொரு பிழை. அந்த ஆய்வு அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் செய்யப்பட்டது. கொழும்பின் மாதக்கடைசி வரிசை பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை ஒருவர் பெயரில் எழுதுவதும் நேர்மையின்மைதான்.

சரி, 1988 ஆய்வுக்கட்டுரையை நீங்கள் உண்மையிலேயே திறந்து வாசித்தீர்களா, அல்லது பாடநூலில் பார்த்ததா? பாடநூலில் பார்த்தது மட்டும் என்றால் அப்படியே சொல்லுங்கள். உதாரணமாக, பார்த்தது கோட்லர், கெல்லர் நூலின் 2016 பதிப்பு என்றால், ஏபிஏ 7 என்ற உசாத்துணை முறையில் கட்டுரைக்குள் இப்படி வரும்: "(Parasuraman et al., 1988, Kotler & Keller, 2016 இல் எடுத்துக்காட்டியவாறு)". உசாத்துணைப் பட்டியலில் நீங்கள் வாசித்த பாடநூல் மட்டும்தான் வரவேண்டும். வாசிக்காத கட்டுரையைப் பட்டியலில் சேர்க்கக்கூடாது.

வாசிக்காமல் போட்டது வெளியே தெரியுமா என்றால், நன்றாகத் தெரியும். Parasuraman உட்பட இதே மூன்று ஆசிரியர்கள் 1985இல் ஜேர்னல் ஒஃப் மார்க்கெட்டிங்கில் எழுதிய கட்டுரையில் சேவைத்தரத்தைத் தீர்மானிப்பவை பத்து. 1988இல் ஜேர்னல் ஒஃப் ரீட்டெய்லிங்கில்தான் அது ஐந்தாகச் சுருங்கி, 22 கூற்றுகள் கொண்ட அளவுகோலாக வந்தது. "ஐந்து பரிமாணங்கள் (Parasuraman et al., 1985)" என்று எழுதியிருந்தால் இரண்டையும் பார்க்கவில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் கட்டுரையில் இந்த ஆண்டு சரியா என்று இன்றே பாருங்கள்.

திருத்தி எழுதும்போது பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். ஆங்கில வாக்கியம் கண்முன் இருந்தால் கை அதையே தமிழாக்கும். பகுதியை வாசியுங்கள், பக்க இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு மூன்று வரியில் விளங்கியதை எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் விளங்கவில்லை, திரும்ப வாசிக்க வேண்டும். அப்புறம் புத்தகத்தைத் திறப்பது ஆண்டு, எண்ணிக்கை, துறைச்சொல் சரியா என்று பார்க்க மட்டும். கருத்தைச் சொந்தச் சொல்லில் எழுதும்போது ஏபிஏ பக்க இலக்கத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் தடித்த பாடநூல் என்றால் போட்டுவிடுங்கள், சரிபார்ப்பவருக்கு உதவும். நேரடி மேற்கோளுக்கு அது கட்டாயம்.

ஹார்வர்ட் உசாத்துணை முறையில் நிறுவனத்துக்கு நிறுவனம் நிறுத்தக்குறிகூட மாறும் என்பதால், உங்கள் கைநூல் எதைக் கேட்கிறதோ அதையே பின்பற்றுங்கள். ஆசிரியர் பெயர்களைத் தமிழ்க் கட்டுரையிலும் ஆங்கில எழுத்திலேயே விடுவது நல்லது, தேடுபவருக்கு மூலம் உடனே கிடைக்கும். திருத்திய கட்டுரையோடு பக்க இலக்கம் குறித்த உங்கள் கைக்குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு விரிவுரையாளரைப் போய்ப் பாருங்கள்.