டெங்கு, எம்.பி.பி.எஸ். பரீட்சை, திரும்பி வந்த என் முதல் கடிதம்

"மெடிக்கல் ஃபகல்டி இரண்டாம் வருசம். காய்ச்சலோட வார்டில இருக்கிறன், ரெண்டு பேப்பர் போயிட்டு. பரீட்சையைப் பிற்போடச் சொல்லி லீவு லெட்டர் எப்படி எழுதுறது?"

இன்றைக்கே வீட்டார் ஒருவர் மூலம் பரீட்சைக் கிளைக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். விரிவான கடிதம் டிஸ்சார்ஜ் ஆன பிறகு கொடுக்கலாம். ஆனால் கடைசித் திகதி எதுவென்று கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள், பீடத்துக்குப் பீடம் விதி மாறும்.

நானும் மெடிசின்தான் படித்தேன், மட்டக்களப்பில். மாரி கழிகிற ஜனவரியில் எனக்கு டெங்கு. 6ஆம் திகதி காய்ச்சல் தொடங்கியது. 8ஆம் திகதி என்.எஸ்.1 பொசிட்டிவ், வார்டில் போட்டார்கள். 9, 10 எழுத்துப் பரீட்சை. 11ஆம் திகதி பிளேட்லெட் 28,000. 13ஆம் திகதி வீட்டுக்கு விட்டார்கள். 15ஆம் திகதி செயன்முறை. எழும்பினால் தலை சுற்றியது, போகவில்லை.

முதல் கடிதத்தில் அம்மா கண் முழித்தது வரைக்கும் எழுதினேன், அது திரும்பி வந்தது. கிளையில் கேட்டது ஒன்றுதான்: "13ஆம் திகதி டிஸ்சார்ஜ் ஆன பிள்ளை 15ஆம் திகதி ஏன் வரல்ல?" சான்றிதழில் வார்டில் இருந்த நாட்கள் மட்டுமே இருந்தன. மெடிசின் படிக்கிற ஆளுக்கு இது தெரியாதா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: டெங்கு வந்து எழும்பின கிழமையில் யாருக்கும் அது தோன்றாது.

திரும்ப வார்டுக்குப் போய், 13ஆம் திகதியிலிருந்து 14 நாள் ஓய்வு என்று எழுதி வாங்கினேன். இரண்டாவது கடிதம் பீடாதிபதிக்கு, அரைப் பக்கம். மேலே பெயர், சுட்டெண், பரீட்சையின் முழுப் பெயர். அதன் கீழே தவறிய ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு வரி: திகதி, அன்று எங்கே இருந்தேன், அதைக் காட்டும் ஆவணம் எது. 9, 10க்கு டயக்னோசிஸ் கார்ட். 15க்கு ஓய்வுச் சான்றிதழ். பிளேட்லெட் கணக்கெல்லாம் கார்டிலேயே இருக்கிறது, கடிதத்தில் வேண்டாம்.

முடிவில் இப்படிக் கேட்டேன்: "நான் சமூகமளிக்காததைச் சுகயீனம் காரணமாக ஏற்று, அடுத்த முறை தோற்றுவதை எனது முதல் தடவையாகக் கணிக்குமாறு வேண்டுகிறேன்." இந்த வரியை விடாதீர்கள். எங்கள் பீடத்தில் 'ரிப்பீட்' என்று பதிந்தால் கிளாஸ் கிடைக்காது. அதே காரணத்தால்தான், காய்ச்சலோடு போய் உட்கார்ந்து பாதியில் எழும்பி வராதீர்கள் என்கிறேன். ஹோலுக்குள் போனால் தோற்றியதாகிவிடும். பிறகு மெடிக்கல் போடுவது பெரும்பாடு.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஹொஸ்டல் பின்பக்கத்துத் தண்ணீர்ப் பரல்கள் மூன்றுக்கும் மூடி இருக்கவில்லை. நுளம்புக் குடம்பி நெளிவதைக் காட்டி இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம், ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அந்த மாதம் எங்கள் மாடியில் மட்டும் நான்கு பேருக்கு டெங்கு.

அந்த இரண்டாவது கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை எழுதியது முதல் தடவையாகவே பதிவானது.