கெண்டைக்கால் பிடிப்பு: எண்ணிக்கையை விட்டுட்டு எடையைக் கூட்டுங்க

"குதிகாலைத் தூக்கி இறக்குற காஃப் ரைஸ் தினமும் 50 போடுறேன், இருந்தும் புக்கிட் அமான் மேட்டுல ஓடுறப்போ கெண்டைக்கால் பிடிச்சுக்குது, ஏன்?"

அம்பதை விடுங்க, பாரமா 8 தடவை, 3 செட், வாரம் ரெண்டு நாள் போடுங்க. வெறும் உடம்பு எடையில அம்பது போடுறது இன்னொரு குட்டி ஓட்டம் மாதிரிதான், பலம் பெருசா ஏறாது. ஓடுறப்போ முட்டி மடங்கியிருக்கும், அப்போ அதிகமா சுமக்கிறது உள்ள இருக்கிற சோலியஸ் தசை, அதனால ஜிம்ல உக்காந்து தொடைமேல எடை வச்சு குதிகாலைத் தூக்குங்க, மேல ஒரு செகண்ட் நிறுத்தி மெதுவா இறக்குங்க, கடைசி ரெண்டு திணறினாதான் எடை சரி.

இன்னிக்கே சுவத்தைத் தொட்டுக்கிட்டு ஒத்தக்கால்ல எத்தனை வருதுன்னு எண்ணிப் பாருங்க, ஒரு கால் ரொம்பக் குறைஞ்சா அதுக்கு ஒரு செட் கூடுதலா போடுங்க. லாங் ரன்னுக்கு முந்தின நாள் மட்டும் வேணாம்.

ஆனா முட்டிக்குக் கீழ காலோட முன்பக்க எலும்புல ஒரே இடத்துல விரல் வச்சாலே சுருக்குனு வலிச்சா, ஓடாதீங்க, டாக்டரைப் பாருங்க.