ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும்போது கப்பல் எவ்வளவு எழும்? – கேள்வி பதில்

டெக் கேடட்: சார், ஆற்றுத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறோம். சம்மர் ட்ராஃப்ட் 9.00 மீட்டர். அதோடு நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். சம்மர் ட்ராஃப்ட் என்பது கோடைகால வரம்பின்படி கப்பல் அமிழக்கூடிய ஆழம்; 9.00 என்பது கடல் நீரில் தெரிய வேண்டிய அளவு. ஆற்றில் கொஞ்சம் கூடுதலாக அமிழ்ந்திருக்கலாம். கடல் நீருக்கு அடர்த்தி அதிகம் என்பதால், கடலுக்குப் போனதும் கப்பல் தானாக எழுந்துவிடும். எவ்வளவு என்பதற்கு இரண்டு எண்கள் போதும். சம்மர் ட்ராஃப்டில் சரக்கோடு கப்பலின் மொத்த எடை 40,000 டன் என்று வையுங்கள். அந்த நிலையில் ஒரு சென்டிமீட்டர் அமிழ 50 டன் தேவை. 50-ஐ நான்கால் பெருக்கி, வரும் 200-ஆல் 40,000-ஐ வகுத்தால் 200 மில்லிமீட்டர். முழு நன்னீரிலிருந்து கடலுக்குப் போனால் 20 செ.மீ. எழும்.

ஆனால் கடலை ஒட்டிய ஆற்றில் பெரும்பாலும் உப்பு கலந்திருக்கும். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல் நீரின் அடர்த்தி 1.025. அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.005 காட்டினால் 25 பங்கில் 20 பங்குதான் மிச்சம், அதாவது 160 மி.மீ. ஆகவே 9.16 வரை ஏற்றலாம். முகத்துவாரம் போய்ச் சேர்வதற்குள் எரிபொருளும் தண்ணீருமாக 50 டன் செலவாகும் என்றால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து 9.17. கப்பல் எவ்வளவு அமிழலாம் என்று வரையறுக்கும் லோட்லைன் விதிகளே இதை அனுமதிக்கின்றன. கடலில் செலவாகப்போகும் எண்ணெயை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இயற்பியல் ஆசிரியர்: அடர்த்தி 2.5 சதவீதம் கூடுகிறது. 9 மீட்டரில் 2.5 சதவீதம் 22.5 செ.மீ. ஆயிற்றே, 20 எப்படி?

கப்பல் செங்குத்துச் சுவர் கொண்ட பெட்டியாக இருந்தால் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் கப்பலின் உடல் கீழே போகப்போக, முக்கியமாக இரு முனைகளிலும், ஒடுங்குகிறது. நீர்மட்டத்தில்தான் பரப்பு அதிகம். இந்தக் கப்பல் கடலில் விலக்கும் நீர் சுமார் 39,000 கன மீட்டர். நீர்மட்டப் பரப்பு சுமார் 4,900 சதுர மீட்டர். வகுத்தால் 8 மீட்டர்தான் வருகிறது. அந்த 8 மீட்டரில் 2.5 சதவீதம் எடுங்கள், 20 செ.மீ. கிடைக்கும். ஒடுக்கமான கப்பலுக்கு இது இன்னும் குறையும்.

ஒரு வாசகர்: ஆற்றில் வேகமாகப் போனால் கப்பல் கீழே இறங்குமே, அதைத்தானே சொல்கிறீர்கள்?

இல்லை, அது ஸ்குவாட். வேகத்தைக் குறைத்தால் அது குறைந்துவிடும். அடர்த்தியால் வந்த அமிழ்வு கட்டிப்போட்ட கப்பலிலும் இருக்கும். முகத்துவார மணல்திட்டைத் தாண்டும்போது இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வற்றம் ஓடும் நேரத்தில் ஆற்று நீர் திட்டுக்கு மேலேயே பரவியிருக்கும். கடல் வந்துவிட்டது, கப்பல் எழுந்திருக்கும் என்று அங்கே நம்பி ஓட்டுவது ஆபத்து.

இறக்குமதி அலுவலக ஊழியர்: ஆற்றுத் துறைமுகத்தில் 28,000 டன் ஏற்றியதாக ட்ராஃப்ட் சர்வே சொன்னது. இங்கே 400 டன் குறைகிறது. திருட்டா?

கப்பல் அமிழ்ந்த ஆழத்தை வைத்துச் சரக்கின் எடையைக் கணக்கிடுவதுதான் ட்ராஃப்ட் சர்வே. திருட்டு என்று சொல்வதற்கு முன் ஏற்றிய இடத்து அறிக்கையில் நீரின் அடர்த்தி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உண்மையில் 1.010 இருந்து, திருத்தாமல் 1.025 என்றே கணக்கிட்டிருந்தால், மேலே சொன்னது போன்ற 40,000 டன் கப்பலானால், சரக்கோடு நின்ற அதன் எடை சுமார் 585 டன் கூடுதலாக வந்திருக்கும். ஏற்றும் முன் எடுத்த சர்வேயிலும் அதே தவறு இருந்தால் அங்கே சுமார் 175 டன் கூடுதல். கழித்தால் 410 டன், கிட்டத்தட்ட உங்கள் எண். இதை வைத்து முடிவு கட்ட முடியாது; கப்பலைச் சமன்செய்ய நீர் நிரப்பும் பாலாஸ்ட் தொட்டிகளைத் தவறாக அளந்திருந்தாலும் இப்படி வரும். இரண்டு துறைமுகங்களின் ஹைட்ரோமீட்டர் பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள்.

டெக் கேடட்: சார், மேல்மட்டத்தில் 1.002, அடியில் 1.018 வருகிறது. எதை எடுப்பது?

நல்ல வேளையாக அடியிலும் எடுத்துப் பார்த்தீர்கள். கனமான கடல் நீர் ஆற்று நீருக்கு அடியில் நுழைந்து கிடக்கிறது. மேல்மட்ட அளவை மட்டும் நம்பினால் 184 மி.மீ. கூடுதலாக ஏற்றலாம் என்று வரும், சராசரி 1.010 என்றால் 120 மட்டுமே. வித்தியாசம் 6.4 செ.மீ., அதாவது 320 டன் அதிகச் சுமை. அது கடலுக்குப் போன பிறகுதான் தெரியும்.

மேலே, நடுவே, அடியில் என மூன்று ஆழத்திலும், இரண்டு பக்கமும், ஏற்றி முடிக்கும் நேரத்தில் எடுங்கள். வாளியில் வைத்திருக்காமல் உடனே படியுங்கள். அப்புறம், மூன்றுக்கும் நேர் சராசரியா, அல்லது ஒவ்வொரு ஆழத்திலும் கப்பல் விலக்கும் நீரின் அளவைப் பொறுத்துக் கணக்கிடுவதா என்பதில் மூத்த அதிகாரிகளே ஒத்துப்போவதில்லை. நான் இரண்டையும் போட்டுப் பார்த்து, குறைவாக ஏற்றச் சொல்லும் எண்ணையே எடுப்பேன்.