சாய்கோடு இல்லாத வேலை அறிவிப்பு

“எங்கள் வேலை அறிவிப்பில் எங்கு பார்த்தாலும் ‘அவன்/அவள்’, ‘உள்ளவன்/உள்ளவள்’ என்றே வருகிறது. இதை எப்படிச் சீராக எழுதுவது? குழுவுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் இதே சிக்கல்.”

முதலில் அந்தச் சாய்கோட்டை நீக்குங்கள். தமிழில் எழுவாய் இல்லாமலேயே வாக்கியம் நிற்கும். அந்த வசதி நமக்குப் பெரிய வரம்.

“கணக்காளர் தேவை. அவன்/அவள் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவனாக/உள்ளவளாக இருக்க வேண்டும்” என்பதை இப்படி மாற்றலாம்: “கணக்காளர் தேவை. மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். வரிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.” ஆளைப் பற்றிய பேச்சு வேலையைப் பற்றியதாக மாறியதும் பால் விகுதிக்கு இடமே இல்லாமல் போகிறது. ஆள் வந்தே தீர வேண்டிய இடத்தில் ‘தெரிந்தவர்’, ‘முடித்தவர்’ என்ற வடிவங்கள் போதும். பொறுப்புகளை “நீங்கள் மாதக் கணக்கை முடிப்பீர்கள்” என்று நேராகவே சொல்லலாம்.

“பெண்களும் விண்ணப்பிக்கலாம்” என்று நல்லெண்ணத்தோடு சேர்க்காதீர்கள். அந்த ‘உம்’, வேலை அடிப்படையில் ஆண்களுக்கானது என்று சொல்லிவிடுகிறது.

மின்னஞ்சலில் ‘ஐயா’, ‘சகோதரர்களே’ வேண்டாம். “அனைவருக்கும் வணக்கம்” இயல்பாக இருக்கும். ஆனால் ‘அவர்’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. “மேலாளர் வடிவமைப்பாளரிடம் பேசினார், அவர் நாளை அனுப்புவார்” என்றால் அனுப்புவது யார்? அங்கே “வடிவமைப்பாளர் நாளை அனுப்புவார்” என்று பதவியையே மறுபடி எழுதுங்கள். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு தடுக்கும் இடத்தை மட்டும் திருத்தினால் போதும்.